லாரி வராத குழியும் வாடை வரும் கிணறும்

கேள்வி:

ஐயா, கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் வீடு. மணல் பூமி. மாமனார் காலத்து உறைகிணறு, 5 அடி விட்டம், 22 அடி ஆழம். கோடையில் தண்ணீர் 14 அடிக்குப் போகும். இப்போது மார்கழியில் 5 அடியிலேயே நிற்கிறது. போன வருஷம் பக்கத்து மனையில் வீடு கட்டியவர்கள் எங்கள் கிணற்றிலிருந்து 26 அடியில் செப்டிக் டேங்க் வைத்தார்கள். 4 அடி விட்டத்தில் எட்டு உறை இறக்கினார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு, மோட்டார் போட்டால் தொட்டி நிரம்பும் நேரத்தில் ஒரு வாடை வருகிறது. சின்னவனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாயந்திரத்துக்குள் அந்த மணமே போய்விடுகிறது. தண்ணீரைச் சோதித்ததில் நைட்ரேட் 12, அம்மோனியா 1.8, குளோரைடு 280. மூன்று வருஷம் முன்பு இதே மார்கழியில் குளோரைடு 120தான். "நைட்ரேட் 45 வரை இருக்கலாமே, எங்க டேங்க் சிமெண்ட், அஞ்சு பேர் இருக்கோம், ஒரு வருஷமா லாரியே கூப்பிடலை" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். பிளம்பரோ 10 அடி தள்ளியிருந்தாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? உண்மையில் எவ்வளவு தூரம் வேண்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. மற்றதெல்லாம் பிறகு. இன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பல் தேய்க்கவும் எடுக்காதீர்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கிடைக்கும்வரை, வேறு வழியே இல்லையென்றால், தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு ஆற வைத்துக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் போகாது. அதனால் வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை இருந்து புட்டிப்பால் கரைக்கிறீர்கள் என்றால், அதற்கு இந்தத் தண்ணீர் கொதிக்க வைத்தாலும் வேண்டாம். சின்னவனுக்கு மறுபடி போனால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள். கிணற்று விவரத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி பக்கத்து வீட்டு அண்ணனின் லாரிக் கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். குழி நிரம்பவில்லை என்பதை நல்ல குழிக்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடி விட்டம், 8 அடி ஆழம் உள்ள உறைக்குழியில் ஏறக்குறைய 2,800 லிட்டர் கொள்ளும். ஐந்து பேர் உள்ள வீட்டில் கக்கூஸ், குளியல், துணி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 500 லிட்டர் உள்ளே போகிறது. உண்மையிலேயே கசியாத குழி என்றால் அது ஆறாம் நாள் நிரம்பி வாசலுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக வழியவும் இல்லை, லாரியும் வரவில்லை. அப்படியானால் தினமும் 500 லிட்டர் மணலுக்குள் போகிறது. எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கே அடிப்படை.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் என்றாலும் அதிலிருந்தும் உள்ளே போகிற அளவுத் தண்ணீர் வெளியே வந்தே தீரும். அது அடியும் சுவரும் பூசிய, இரண்டு அறை வைத்த தொட்டி. கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்கோ பாதாளச் சாக்கடைக்கோ போகும். அந்தத் தெளிந்த தண்ணீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அதை வடிகட்டுவது தொட்டி செய்யும் வேலை இல்லை, அதற்கு வெளியே இருக்கிற மண் செய்கிற வேலை. பக்கத்து வீட்டில் இறக்கியது அடி பூசாத வெறும் உறைகள் என்றால், அது டேங்க் என்ற பெயரில் இருக்கிற உறிஞ்சுகுழி. நம் ஊரில் மேஸ்திரி, பிளம்பர், வீட்டுக்காரர் எல்லோரும் இரண்டையும் செப்டிக் டேங்க் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் வருகிறது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, அடியில கான்கிரீட் போட்டாங்களா, வெளியே போற குழாய் எங்கே இருக்கு?" பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது 14 அடி, 5 அடி என்ற இரண்டு எண்கள். எட்டு உறை என்றால் குழியின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய 8 அடியில் இருக்கும். சித்திரையில் தண்ணீர் 14 அடியில் நிற்கும்போது குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் 6 அடி காய்ந்த மணல் இருக்கிறது. கழிவுநீர் அந்த மணல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மணல் துகள்களுக்கு நடுவில் காற்று இருக்கிறது. குழியைச் சுற்றி ஒரு கறுத்த படலம் கட்டிக்கொள்ளும், அதில் கிருமி சிக்கிச் சாகும். இந்தக் காய்ந்த ஆறடிதான் உங்களை கோடையில் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து நீர்மட்டம் 5 அடிக்கு ஏறியதும் குழியின் கீழ் 3 அடி நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கிவிட்டது. இப்போது சொட்டுவது, வடிகட்டுவது எதுவும் இல்லை. குழியும் உங்கள் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. நடுவே நனைந்த மணல் மட்டும்தான். வாடை ஐப்பசிக்குப் பிறகு தொடங்கியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தேவனாம்பட்டினம் தொடங்கி வடக்கே புதுச்சேரிக் கடலோரம் வரைக்கும் மணல் பகுதிகளில் இதே கதையைப் பார்க்கலாம்: கோடையில் சோதித்தால் நல்ல கிணறு, கார்த்திகையில் சோதித்தால் கெட்ட கிணறு. திருவந்திபுரம், கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால் அங்கே குழி இப்படி மூழ்குவதில்லை. அங்கிருப்பவர் அனுபவத்தை வைத்து உங்கள் மணலுக்கு யோசனை சொன்னால் தப்பாகிவிடும்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். நைட்ரேட் 12 என்பது ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரநிலை சொல்லும் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு உட்பட்டதுதான். அதை வைத்துத் தைரியப்படுவதுதான் இதில் பெரிய ஏமாற்றம். மனிதக் கழிவில் இருக்கும் நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகத்தான் வெளியே வருகிறது. காற்றோட்டமுள்ள காய்ந்த மண்ணைக் கடக்கும்போது, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதாவது நைட்ரேட் அதிகம் என்றால், கழிவு காற்றுள்ள மண் வழியாக, கொஞ்சம் மெதுவாக வந்திருக்கிறது என்று பொருள். குழியே தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் காற்று கிடையாது, மாற்றமும் நடக்காது. அம்மோனியா அம்மோனியாவாகவே வந்து சேரும். குடிநீரில் அம்மோனியா 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்களுடையது 1.8. குறைந்த நைட்ரேட்டும் கூடுதல் அம்மோனியாவும் ஒன்றாக வந்திருப்பது, மூலம் பக்கத்தில் இருக்கிறது, நடுவில் மண் தன் வேலையைச் செய்யவில்லை என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல செய்தியாகக் காட்டிய எண்ணே, அம்மோனியாவோடு சேர்த்துப் படித்தால் கெட்ட செய்தி.

குளோரைடைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் இதைக் கேட்டதும் "கடல் தண்ணி ஏறியிருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். கடல் உப்பு உள்ளே ஏறுவது நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் காலத்தில், அதாவது கோடைக் கடைசியில். மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் மேலே சேர்ந்து குளோரைடு குறையத்தான் வேண்டும். உங்களுக்கோ மார்கழிக்கு மார்கழி ஒப்பிட்டால் 120லிருந்து 280 ஆகியிருக்கிறது. மழை உச்சத்தில் குளோரைடு ஏறுகிறது என்றால் அது கடலின் நடையில்லை. நாம் சாப்பிடும் உப்பு பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதனால் கழிவுநீர் போன பாதையை குளோரைடு காட்டிக்கொடுக்கும். இதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. தெருக்கோடியில், கடலிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில், பக்கத்தில் குழி இல்லாத ஒரு கிணறு இருந்தால் அதிலிருந்தும் அதே நாளில் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுங்கள். அங்கே 130, உங்களிடம் 280 என்று வந்தால் கடலைக் குறை சொல்ல முடியாது.

பிளீச்சிங் பவுடர் மணம் நிற்காததும் ஒரு அடையாளம்தான். நீங்கள் அதைக் கவனித்தது நல்லது. சாதாரணமாக நல்ல கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. அது லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 மில்லிகிராம் குளோரின். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் முதலில் அதோடு சேர்ந்துவிடும். ஒரு மில்லிகிராம் அம்மோனியாவைத் தீர்க்க 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் தேவை. உங்கள் 1.8க்கு 14 முதல் 18 வரை வேண்டும், அதாவது வழக்கமான அளவைப் போல இருபது மடங்குக்கு மேல். நீங்கள் போட்டது முழுக்க அம்மோனியாவுக்கே போய்விட்டது, கிருமியைக் கொல்ல மிச்சமில்லை. அதற்காக இருபது மடங்கு கொட்டாதீர்கள். 26 அடியில் ஊற்று மாதிரி கழிவு வந்துகொண்டே இருக்கும்போது நாளைக்கு மறுபடி அதே நிலைமைதான்.

வாடை வரும் நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஆய்வுக்கூடத்தில் கூடக் கிடைக்காத தகவல். காலையில் முதல் வாளியில் நாற்றம் இருந்து, மோட்டார் ஓட ஓடக் குறைந்தால் கிணற்றுக்குள்ளேயே ஏதோ அழுகியிருக்கும்: இலை, தவளை, செத்த எலி. அதற்குத் தூர்வாரினால் போதும். உங்களுக்கு நேர்மாறாக, மோட்டார் ஓட ஓட வாடை கூடுகிறது. மோட்டார் இறைக்கும்போது கிணற்றில் மட்டம் தாழ்ந்து, சுற்றிலும் உள்ள தண்ணீர் நாலா பக்கமிருந்தும் கிணற்றை நோக்கிச் சரிகிறது. அதில் குழிப் பக்கத்துத் தண்ணீரும் வருகிறது. "எங்க குழி உங்க கிணத்துக்குப் பள்ளத்துல இருக்கு, தண்ணி மேட்டுக்கு ஏறாது" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் கிணறுதான் எல்லாவற்றுக்கும் பள்ளம்.

ஏமாற்றக்கூடிய அடையாளங்களும் இருக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் கழிவு இல்லாமலும் வரும். காற்றில்லாத ஆழத்தில் தண்ணீரிலுள்ள சல்பேட்டே அப்படி மாறக்கூடும். பிடித்து வைத்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிச் செம்படிவு விழுந்தால் அது பெரும்பாலும் இரும்பு. மேலே எண்ணெய் மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். தகடு உடைவது போல் துண்டு துண்டாகப் பிரிந்தால் இரும்புப் படலம், பிரிந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். நுரையையும் வீட்டிலேயே பார்க்கலாம். சுத்தமான, சோப்பு ஒட்டாத பாட்டிலில் பாதி நிரப்பி, இருபது தடவை பலமாகக் குலுக்குங்கள். கேன் தண்ணீரையும் அதே மாதிரி குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பாட்டிலில் மட்டும் நுரை பல நிமிஷம் அடங்காமல் இருந்தால் சோப்புத்தண்ணீர் வருகிறது. நுரை வரவில்லை என்பதால் சுத்தம் என்று ஆகாது. பார்க்கத் தெளிவாக, வாடையே இல்லாமல், டைபாய்டும் காமாலையும் கொடுக்கிற கிணறுகள் உண்டு. வாடை வந்து எச்சரித்தது ஒரு வகையில் உங்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இல்லாதது கிருமிச் சோதனை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரநிலை. வெறும் 'கோலிஃபார்ம்' என்று மட்டும் வந்தால் மண், இலை, திறந்த கிணற்றில் விழும் பறவை எச்சம் எதுவும் காரணமாக இருக்கலாம். ஈ.கோலை மனிதர், ஆடுமாடு, பறவை போன்றவற்றின் குடலிலிருந்து வருவது. தனியாக அது மட்டும் வந்தால் கோழியா குழியா என்று சொல்ல முடியாது. அம்மோனியா, மழைக்காலத்தில் ஏறிய குளோரைடு, மோட்டாரோடு கூடும் வாடை இவற்றோடு சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். முதலில் போய் அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி வாருங்கள், மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்துப் போனால் பயனில்லை. பிளீச்சிங் போடுகிறீர்கள் என்று சொன்னால் குளோரினை முறிக்கும் மருந்து போட்ட பாட்டில் தருவார்கள். இருந்தாலும் ஒரு வாரம் பிளீச்சிங் போடாமல் இருந்துவிட்டு எடுப்பது நல்லது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, வாடை வரும் சமயத்தில், கிணற்றடிக் குழாயிலேயே பிடியுங்கள். மேல்தொட்டியிலிருந்து எடுத்தால் தொட்டிப் பாசியின் கதையும் சேர்ந்து வரும். மூடியின் உட்புறத்தில் கை படாமல் நிரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்துப் போகாமல் வாரத் தொடக்கத்தில் போனால் தாமதம் இருக்காது.

சாயம் ஊற்றிப் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஃப்ளோரசீன் என்ற பச்சைச் சாயத்தைப் பக்கத்து வீட்டுக் கக்கூஸில் அவர்கள் சம்மதத்தோடு ஊற்றிவிட்டுக் கிணற்றைக் கவனிப்பது பழைய முறை. அதே நாளில் பச்சை தெரிந்தால் நேரடி விரிசலோ குழாய் உடைப்போ இருக்கிறது. மணல் வழியாக வருவதற்கு நாட்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். மெலிந்து மெலிந்து கண்ணுக்குத் தெரியாமலும் போகும். அதனால் சாயம் வந்தால் நிரூபணம், வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு "பாத்தீங்களா, ஒண்ணும் வரலை" என்று சொல்லி முடித்த சண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தூரத்துக்கு வருவோம். பிளம்பர் சொன்ன 10 அடி காற்றில் வந்ததில்லை. கிராமத்து இரட்டைக்குழிக் கக்கூஸுக்கான அரசு வழிகாட்டியில் 3 மீட்டர் போதும் என்று ஒரு இடம் வருகிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. குழியின் அடி, வருஷத்தின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மண் நைசாக இருக்க வேண்டும். பருமணல் என்றால் அடியைப் பூசி அடைத்து, குழியைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் நிரப்ப வேண்டும். 2 மீட்டர் இடைவெளி இல்லையென்றால் அதே வழிகாட்டி 10 மீட்டர், அதாவது 33 அடி கேட்கிறது. அதுவும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் கக்கூஸுக்கு. குளியலும் வாஷிங் மெஷினும் சேர்ந்து நாளுக்கு 500 லிட்டர் வரும் வீட்டுக்கு அது பொருந்தாது. நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் 10 அடி பிறந்தது.

செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, அதன் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 60 அடி. பழைய சுகாதாரக் கையேடுகளில் 50 அடி என்று இருக்கும். மணல் பூமியில் இடமிருந்தால் நான் 100 அடி வரை கேட்பேன். காரணத்தை உங்கள் கிணற்றை வைத்தே சொல்கிறேன். நிலத்தடியில் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 50 நாளில் செத்துவிடும் என்பது நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு, சில வைரஸ்கள் அதற்கு மேலும் தாங்கும். கடலோர மணலில், மோட்டார் இழுக்கும்போது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு ஏற்பட்டால், தண்ணீர் நாளைக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நகரும். 26 அடி என்பது 8 மீட்டர். அதைக் கடக்க 20 நாள். 18 மீட்டர் இருந்தால் 45 நாள் ஆகியிருக்கும். மணல் இன்னும் பருமனாக இருந்தால் இந்த நாட்கள் குறையும், களிமண் கலந்திருந்தால் கூடும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் 20 நாளுக்கும் 45 நாளுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கிடைமட்டத் தூரத்தை மட்டும் டேப் பிடித்து அளந்துவிட்டு விடாதீர்கள். மேலிருந்து கீழ் அளவும் வேண்டும். மூழ்காத குழி 40 அடி தூரத்தில் இருப்பது, வருஷத்தில் மூன்று மாதம் மூழ்கும் குழி 60 அடி தூரத்தில் இருப்பதைவிட எனக்குப் பரவாயில்லை. புதிதாக யாராவது கட்டப்போகிறார்கள் என்றால், குழி தோண்டும் ஆழத்தை மே மாத நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்த அளவுதான் கணக்கு. உங்கள் தெருவில் அந்த அளவு 5 அடி என்பதால், அங்கே 8 அடிக்கு உறை இறக்குவது எந்தத் தூரத்திலும் சரியில்லை.

இப்போது என்ன செய்யலாம்? 30க்கு 40 மனைகளில் 60 அடி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காது. அதனால் குழியின் தன்மையை மாற்ற வேண்டும். தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்று மாநகராட்சியில் கேளுங்கள். இருந்தால் இணைப்பு வாங்குவதுதான் உறுதியான தீர்வு, பக்கத்து வீட்டாருக்கும் அதுவே சிக்கனம். இல்லையென்றால், அந்த இடத்தில் அடியும் சுவரும் பூசிய இரண்டறைத் தொட்டி கட்டி, அதில் தெளிந்து வரும் தண்ணீரைக் குழாய் போட்டு மனையின் மறுகோடிக்கு, உங்கள் கிணற்றிலிருந்து முடிந்தவரை தூரமாக, கொண்டுபோக வேண்டும். அங்கேயும் ஆழமாக இறக்காமல், தரையை மண்ணடித்து உயர்த்தி, ஜல்லியும் மணலும் போட்ட ஆழமில்லாத படுக்கையில் பரவ விட வேண்டும். அப்போதுதான் மார்கழியிலும் அதற்குக் கீழே காய்ந்த மண் மிஞ்சும். அதற்கும் இடமில்லையென்றால் வெளிப்போக்கு இல்லாத மூடிய தொட்டி கட்டி, நிரம்பும்போதெல்லாம் லாரி கூப்பிடுவதுதான் மிச்ச வழி. செலவு அதிகம். கக்கூஸ் தண்ணீரை மட்டும் அதில் விட்டுக் குளியல் தண்ணீரை வாழைக்குப் பிரித்துவிட்டால் லாரிச் செலவு குறையும்.

வேலை செய்யும்போது குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். உதவப் போனவரும் சேர்ந்து செத்த சம்பவங்கள் ஏராளம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படியும், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். லாரி வைத்து உறிஞ்சிய பிறகு, பழைய உறைகளை எடுக்காமல் சுண்ணாம்பு தூவி மணலால் நிரப்பி மூடிவிடலாம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. உறைகிணற்றில் உறைக்கும் உறைக்கும் நடுவே உள்ள மூட்டு பழசாகி இருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கியதும், வெயில் நேரத்தில் ஒரு கண்ணாடியைக் காட்டி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பக்கமாக மட்டும் கறுப்பாகவோ வழவழப்பாகவோ கசிவுத் தடம் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் உறைகளின் மூட்டுகளைப் பூசி, கைப்பிடிச் சுவரை இரண்டரை அடிக்கு உயர்த்தி, சுற்றிலும் மூன்றடிக்குச் சாய்வான சிமெண்ட் தளம் போடுங்கள். மேலிருந்து வரும் அழுக்கை இது தடுக்கும். ஆனால் குழி மாறாமல் இதை மட்டும் செய்தால் அடியிலிருந்து வருவது நிற்காது. ஆர்.ஓ. இயந்திரமும் அப்படித்தான். குடிக்கிற தண்ணீருக்கு அது உதவும், பாத்திரம் கழுவவும் குழந்தை குளிக்கவும் வருவது அதே கிணற்றுத் தண்ணீர்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசும்போது, இரண்டாவது ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, அந்த 2,800 லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். அவர் வீட்டில் போர் இருந்தால் அதன் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் குழிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அவருடைய போர்தான். தன் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் ஈ.கோலை என்று தாளில் பார்த்ததும் மனசு மாறாதவர் எனக்குத் தெரிந்து குறைவு. பேசியும் நடக்கவில்லையென்றால் இரண்டு ரிப்போர்ட், குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள அளவு, நீர்மட்ட அளவு இவற்றை எழுதி மாநகராட்சி ஆணையருக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் மனு கொடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் நகராட்சிக்கோ கொம்யூன் பஞ்சாயத்துக்கோ கொடுக்க வேண்டும்.

குழி மாற்றிய அன்றைக்கே கிணறு சரியாகிவிடாது. மணலில் ஏற்கெனவே இருக்கும் அழுக்கு வந்து தீர வேண்டும். இரண்டு மாதம் விட்டு, மோட்டார் போட்டுக் கிணற்றை இரண்டு மூன்று தடவை இறைத்து ஊறவிடுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை பலமாக பிளீச்சிங் போட வேண்டும்: லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். இப்போது இருக்கிற மாதிரி 17 அடித் தண்ணீர் நின்றால் உங்கள் கிணற்றில் ஏறக்குறைய 9,500 லிட்டர் இருக்கும், அதற்குப் புது பிளீச்சிங் பவுடர் ஒன்றே முக்கால் கிலோ வேண்டும். கோடையில் 8 அடித் தண்ணீர்தான் என்றால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு நாள் முழுக்க விட்டு, மணம் போகும்வரை இறைத்துவிடுங்கள். அந்த ஒரு நாள் தண்ணீரை யாரும் எதற்கும் எடுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து ஈ.கோலை, அம்மோனியா, குளோரைடு மூன்றையும் சோதியுங்கள். அது சுத்தமாக வந்தாலும் குடிக்கத் தொடங்காதீர்கள். அடுத்த கார்த்திகையில், நீர்மட்டம் மறுபடி 5 அடிக்கு ஏறியிருக்கும்போது எடுத்த பாட்டிலும் சுத்தம் என்று வந்த பிறகு குடியுங்கள்.